இன்னொரு தடவைதான் கேட்பது

எங்கள் அக்காவைக் கடையில் எல்லோரும் ‘பவர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்பவர்கள் ஏதோ செல்வாக்கான பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பூனையைக்கூட அதட்டத் தெரியாதவள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸின் பவரைப் பார்த்து, ஓரத்தைத் தேய்த்து, பிரேமில் பொருத்துவதுதான் அவள் வேலை. அதனால் வந்த பெயர்.

அந்தப் பின்னறையில் அவளைத் தவிர ஒரு மேசை விளக்கு, தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸ் தேய்க்கும் ஒரு மெஷின், பிரேமைச் சூடாக்கி வளைக்க ஒரு சின்ன ஊதுகருவி, அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒருவருடைய பிரேம், இரண்டு லென்ஸ், அளவு எழுதிய சீட்டு. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பதாகிவிடும்.

சிக்கலே அந்த ஒன்பது மணிதான். என் அக்கா புருஷனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, பத்திரிகை அச்சாகும் இடத்தில் ராத்திரி வேலை. எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அவர் காலையில் வந்து படுக்கும்போது இவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்ட இடம் நாங்கள் சேர்ந்து குடியிருக்கும் வீட்டின் மாடிப்படி. “சாவி மேஜை மேல.” “சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.” அவ்வளவுதான். ஒரு தடவை படியில் நின்று சண்டை போட ஆரம்பித்து, நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தி, மறுநாள் காலை அதே படியில் மீதியைப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

அப்படியிருக்க, ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிப் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அக்கா விண்ணப்பம் போட்டாள். அங்கே மாலை ஐந்து மணிக்கு வேலை முடியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து மணி மட்டும்தான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பிரிவின் மேலாளர் அம்மா கொஞ்ச நேரம் கேள்வி கேட்டுவிட்டு, தன் கண்ணாடியையே கழற்றிக் கொடுத்து, “இதுல தூரமும் கிட்டமும் சேந்த லென்ஸ் போட்டிருக்கு. படிக்கும்போது தலைய அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு. என்னன்னு பாருங்க” என்றாராம். அக்கா அவர் முகத்தில் பிரேமை மாட்டிப் பார்த்து, கருவிழிக்கு நேரே வரவேண்டிய இடம் கீழே இறங்கியிருக்கிறது என்று சொல்லி, மூக்குப்பட்டையைச் சரிசெய்து கொடுத்தாள். மேலாளர் அம்மா மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்து வாசித்துப் பார்த்துச் சிரித்தாராம். “ஒரு வாரத்துல சொல்றோம்.”

ஒரு வாரம் போயிற்று. சொல்லவில்லை. அடுத்த வாரமும் நகர்ந்தது. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் வீட்டில் குழப்பம் தொடங்கியது அப்போதுதான். “அவங்க சிரிச்சாங்கல்ல? அப்புறம் என்ன?” என்பது அம்மாவின் கட்சி. கீழ்வீட்டில் இருக்கும் சித்தப்பா ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

“மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. வேண்டாம்னா வேண்டாம்னு எழுதியிருப்பாங்க. எழுதல. அப்ப வேணும்னுதானே அர்த்தம்?”

“வேணும்னா வேணும்னு எழுதியிருப்பாங்களே சித்தப்பா?” என்றேன் நான்.

“அதான் எழுதாம சொல்றாங்க!”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் வரைக்கும் போய், பெரிய மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை ஆன மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு அக்காவுக்குப் படியேறவே பயம். எதிரே வருகிறவர்களெல்லாம் “எப்ப சேரப்போற?” என்று கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்பினாள். அதையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில், விசாரித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் போடலாம் என்று முடிவாயிற்று. அக்கா ஒன்றிரண்டு வரி எழுதப் பார்த்தாள். விட்டால்தானே? சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். “மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவரப்படுவது யாதெனில்” என்று தொடங்கினார். அம்மா பின்னால் நின்று, “குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேளுங்க, மரியாதையா இருக்கும்” என்றாள். சித்தப்பா அதையும் சேர்த்தார். வேலை நேரம் என்ன, வார விடுமுறை எந்த நாள், சீருடை அவர்கள் தருவார்களா, பஸ் வசதி உண்டா, எப்போது சேர வேண்டும், தாமதத்துக்குக் காரணம் யாது என்று கேள்விகள் வரிசையாக வந்தன. நான்கூட என் பங்குக்கு, உள்ளே கேன்டீன் இருக்கிறதா என்று ஒன்றைச் சேர்த்தேன். மொத்தம் ஏழு கேள்வி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். அக்கா முழுதும் படித்துவிட்டு, “இதுல எனக்கு வேல இருக்கா இல்லையான்னு எங்க கேட்டிருக்கு?” என்றாள். சித்தப்பா தேடிப் பார்த்தார். “அது உள்ளர்த்தமா வந்துருச்சும்மா” என்றார்.

அனுப்பினோம். அதற்கும் பதில் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து இன்னொரு குழப்பம். அக்கா வேலை பார்க்கும் கடை வேறு பகுதிக்கு இடம் மாறுவதாக முடிவாகிவிட்டது. இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். முதலாளி அதிகம் பேசாதவர். பேசுவதையும் தரையைப் பார்த்துப் பேசுவார். ஒருநாள் பின்னறை வாசலில் வந்து நின்று, “புதுக் கடைக்கும் நீ வருவியாம்மா? தூரம்தான். யோசிச்சுச் சொல்லு” என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அது ‘வருகிறேன்’ என்ற ஆட்டலா, ‘யோசிக்கிறேன்’ என்ற ஆட்டலா என்று அவளுக்கே தெரியாது. வருகிறேன் என்றால் ஆஸ்பத்திரி வேலை வந்துவிட்டால் என்ன செய்வது? வரவில்லை என்றால், அந்த வேலையும் வராவிட்டால்? ஆஸ்பத்திரி பதில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டாள். முதலாளி கடைக்குள் நுழைந்தால் இவள் மெஷினைப் போட்டுவிடுவாள், சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாதே.

வீட்டில் அவள் புலம்பலோ வேறு. “பதில் சொல்றதுக்கு என்ன? ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. ரெண்டெழுத்து எழுதக் கை வலிக்குமா? மனுஷங்கள இப்படியா தொங்க விடறது?” நானும் கூடச் சேர்ந்து அந்த மேலாளர் அம்மாவைத் திட்டினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ‘ரெண்டாவது கடிதம் நான் எழுதறேன், நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்’ என்றேன். சித்தப்பா, தலைப்பில் ‘அவசரம்’ என்றும் ‘நினைவூட்டல் இரண்டு’ என்றும் போட்டு, நகலை மருத்துவமனைத் தலைவருக்கும் அனுப்ப வேண்டும் என்றார். இனிமேல் எழுதவே கூடாது என்றாள் அம்மா. அவளுக்கு இப்போது மேல்மாடிக்கு என்ன சொல்வது என்ற கவலை. மாமா மட்டும் காலையில் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, “உனக்கு என்ன தோணுதோ அதச் செய்யி” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அது உதவியா, கைகழுவலா என்று அன்று முழுக்க அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் ஒரு காலை அவள் மேசைக்கு வந்தபோது, வேலைத் தட்டுகளின் மேல் ஒரு காலித் தட்டு இருந்தது. பிரேமும் இல்லை, லென்ஸும் இல்லை. சீட்டு மட்டும். முதலாளியின் கையெழுத்து. அக்கா அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாள்.

‘அம்மா, புதுக் கடை விஷயமாக முன்பு கேட்டிருந்தேன். உனக்கு யோசிக்க நிறைய இருக்கும். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். வர முடியாவிட்டாலும் தப்பில்லை. சனிக்கிழமை வரை உன் இடத்துக்கு வேறு யாரையும் பேச மாட்டேன். அதற்குள் வருவேன், வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதற்கு மேல் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.’

“என்னடி இது?” என்றாள் அக்கா.

“நல்லாத்தானே எழுதியிருக்காரு?”

“அதான். நல்லா எழுதியிருக்காரு. நான் பதிலே சொல்லாம மெஷினப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவரு ஒரு வார்த்த கோவமா எழுதல பாரு.” சீட்டை மறுபடி வாசித்தாள். “நான் எதுக்கு அவருக்குப் பதில் சொல்லல? அவர மதிக்காமயா?”

“இல்ல. உன்கிட்ட பதில் இல்ல. அதான்.”

“அப்ப அந்த மேலாளர் அம்மாகிட்ட மட்டும் பதில் இருக்கும்னு நாம எப்படி முடிவு பண்ணோம்?”

இத்தனை நாளாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மௌனத்துக்கு நாங்கள் ஆளுக்கு ஓர் உரை எழுதினோமே தவிர, அக்கா தானே அப்படி ஒரு மௌனத்தை வைத்துக்கொண்டு நடமாடியதை யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை.

அன்று அவள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. சித்தப்பா படியேறி வரும் சத்தம் கேட்டதும் கதவைத் தாழ் போட்டாள். புதிதாக ஒரு கடிதம் தொடங்காமல், முன்பு அனுப்பியதைத் திறந்து அதற்கே பதிலாக எழுதினாள். பழையது கீழே இருந்தால் யார், எந்த வேலை என்று அவர்கள் தேடவேண்டியிருக்காது என்றாள். எழுதியது இவ்வளவுதான்:

‘அம்மா, வணக்கம். கண்ணாடிப் பிரிவுப் பணிக்காகத் தங்களை நேரில் சந்தித்தது தொடர்பாக முன்பு எழுதியிருந்தேன். தங்களுக்கு வேலை அதிகம் என்று அறிவேன். அந்தப் பணியில் சேர எனக்கு இன்னும் விருப்பம் உண்டு. வேறோர் இடத்துக்கு நான் சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டியிருப்பதால், என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். தகவல் இல்லையென்றால் இடம் நிரம்பிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்; இது குறித்து மறுபடி எழுதித் தொந்தரவு தர மாட்டேன். என்னைச் சந்திக்க நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.’

“இன்னும் கொஞ்சம் காரமா?” என்றேன்.

“முதலாளி எனக்குக் காரமா எழுதியிருந்தா நான் பதில் யோசிச்சிருப்பேனா, அவர வையறதுக்கு வார்த்த யோசிச்சிருப்பேனா?”

அனுப்பிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஒரே கூச்சல். “நீயே ‘இடம் நிரம்பிடுச்சுன்னு எடுத்துக்கறேன்’னு எழுதிக் குடுத்தா, அவங்களுக்கு வேல மிச்சம்! கதவ நீயே சாத்திட்டியே!” என்று சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா பேசவே இல்லை. அவள் மௌனத்துக்கு மட்டும் ஒரே அர்த்தம்தான், எங்களுக்கெல்லாம் தெரியும்.

சரியாகத்தான் செய்தாளா என்று எனக்கும் குழப்பம். அக்காவுக்கும்தான். புதன்கிழமை நல்லது செய்தோம் என்றாள். வியாழக்கிழமை, அவசரப்பட்டுவிட்டேனோ என்றாள். மாமா காலையில் திரும்பும்போது படியில் அவளைப் பார்த்து, “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றாள். “சரி” என்று போய்விட்டார். அவருக்கும் அந்த ஐந்து மணி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து எனக்குப் போன் செய்தாள். “வந்துருச்சு. உனக்கு அனுப்பியிருக்கேன், நீ படிச்சுச் சொல்லு. எனக்கு எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா தெரியுது.” நாள்முழுக்க மற்றவர்களுக்குப் பார்வை பொருத்திக் கொடுப்பவள் சொல்கிற பேச்சா இது!

மேலாளர் அம்மா எழுதியிருந்தார். அந்த இடத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வராமல் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லி வாரங்கள் ஓடிவிட்டன. ‘கையில் விடை இல்லாமல் என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன், அது என் தவறு. உங்கள் முதல் கடிதத்தில் இருந்த எல்லாக் கேள்விகளுக்கும் விசாரித்து எழுதலாம் என்று எடுத்துவைத்தேன். அது அப்படியே தங்கிவிட்டது. இரண்டாவது கடிதத்தில் ஒரு நாள் குறித்திருந்தீர்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டி, வெள்ளிக்குள் சொல்லாவிட்டால் இவரை இழந்துவிடுவோம் என்றேன். இன்று காலை கையெழுத்துப் போட்டார்கள். உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மற்ற கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் இப்போதே பதில்: வேலை ஐந்து மணிக்கு முடியும்.’

நான் போனிலேயே கத்தினேன். “அக்கா? கேக்குதா?” “கேக்குது” என்றாள். அழுதுகொண்டிருந்தாள். “முதலாளிகிட்ட எப்படிடி சொல்றது?”

சனிக்கிழமைக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அப்போதே எழுந்துபோய் முதலாளி முன்னால் நின்றிருக்கிறாள். ராத்திரி வந்து சொன்னாள்.

“நான் வரலைங்க. ஆஸ்பத்திரியில வேல கெடச்சிருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே, “தெரியும்மா” என்றாராம்.

“எப்படி?”

“அந்த மேலாளர் அம்மா எனக்கு போன் பண்ணாங்களே. உன் விண்ணப்பத்துல விசாரிக்கன்னு என் நம்பரத்தான் போட்டிருக்காம். நல்ல பொண்ணு, கைவேல சுத்தம், யோசிக்காம எடுங்கன்னு சொன்னேன்.”

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தது யார்? சித்தப்பா. விசாரிக்க வேண்டியவர் என்ற இடம் காலியாக இருக்கக்கூடாது என்று, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முதலாளியின் நம்பரையே போட்டுவைத்திருக்கிறார். அவரை என்ன செய்தால் தகும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வைவதா, காலில் விழுவதா?

அக்கா திகைத்துப்போய்க் கேட்டிருக்கிறாள்: “தெரிஞ்சும் எதுக்குங்க ரெண்டு தடவ கேட்டீங்க?”

“எனக்குத் தெரிஞ்சது அவங்க கேட்டது. நீ சொன்னதில்லையே. நானா ஒண்ண நெனச்சுக்கிட்டு உன் எடத்துக்கு வேற ஆள உக்கார வெச்சா அது நியாயமா? நாளைக்கு அந்த வேல இல்லைன்னு ஆயிட்டா நீ எங்க போவ?” அதோடு திரும்பிக் கல்லாவுக்குப் போய்விட்டாராம். போனவர் பின்னாலேயே வந்து, பிரேம் திருகாணிக்கான சின்னத் திருப்புளியை அவள் பையில் போட்டு, “இது உன் கைக்குப் பழகினது” என்றாராம். இதைச் சொல்லும்போது அக்காவால் முடிக்க முடியவில்லை. நானும் அழுதேன், மறைப்பதற்கென்ன.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் நாள் ஆறு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, முகம் கழுவிக்கொண்டிருந்த மாமா பதறி ஓடிவந்தார். “என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

“ஒண்ணும் ஆகல. வேல முடிஞ்சிருச்சு.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கிளம்ப இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்ல வேண்டிய சாவியும் சாப்பாடும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டன. அவ்வளவு நேரத்தை என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அக்கா புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும்கூட இவ்வளவு திணறியிருக்க மாட்டார்கள்.

“டீ போடட்டுமா?” என்றார் மாமா.

அவள் பதில் சொல்லவில்லை. தலைப்பை இன்னொரு தடவை மடித்தாள்.

மாமா அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டாவது தடவையா கேக்கறேன். இதுக்கு மேல கேட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன். டீ வேணுமா, வேண்டாமா?”

“வேணும்” என்றாள் அக்கா.